பெயர் சொல்லும் கலைகள்

ஜொகூர் மாநிலத்தின் பத்து பகாட் மாவட்டத்தில் யோங் பெங் என்னும் சிற்றூர் உள்ளது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் பயணம் செய்வோர் பலர் இவ்வூரின் பெயர்ப்பலகையைக் கண்டிருப்பர். இப்பெயரைச் சீன மொழியில் இரண்டு எழுத்துகளால் எழுதுவார்கள். முதல் எழுத்து ‘என்றும் நிலைத்திருப்பது’ என்று பொருள்படும். இரண்டாவது எழுத்து ‘அமைதி’ என்று பொருள்படும். நிலைத்த அமைதி என்பதே ஊரின் பெயர்.

இதை அவ்வூரில் படிவம் மூன்றில் பயிலும் தமிழ் மாணவி ஒருத்திக்கு அவளுடைய சீனத் தோழி சொன்னாள். பிறந்தது முதல் வாழும் ஊரின் பெயருக்கு இப்படி ஒரு பொருள் இருப்பது அவளுக்கு அன்றுவரை தெரியாது. “உங்கள் மொழியிலும் இப்படிப் பெயர்கள் இருக்குமே?” என்று தோழி கேட்டாள். மாணவிக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை.

அந்த வாரம் தமிழ் வகுப்பில் ஆசிரியர் ஒரு பணி கொடுத்திருந்தார். நாட்டுப்புறக் கலைகள் சிலவற்றின் பெயரையும் விளக்கத்தையும் அட்டவணையாக எழுதி வரவேண்டும். அவள் எழுதத் தொடங்கினாள். ‘உறுமி: ஒரு வகை மேளம். பறை: ஒரு வகை மேளம். கரகம்: ஒரு வகை ஆட்டம். பொய்க்கால் குதிரை: ஒரு வகை ஆட்டம்.’ கடைசியாகத் ‘தப்பு’ என்று எழுதினாள். அதற்கு எதிரே மட்டும் ஒன்றும் எழுதாமல் விட்டுவிட்டாள்.

வாசலில் அமர்ந்திருந்த தாத்தா அட்டவணையை வாங்கிப் படித்தார். அவர் இளமையில் பால்மரம் சீவியவர். பின்னர்ச் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தவர். தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் பல ஆண்டுகள் மேளம் அடித்தவர்.

“எல்லாம் ‘ஒரு வகை’ என்றால், எந்த வகை என்று யார் சொல்வது, பாப்பா?” என்று கேட்டார்.

“அகராதியில் அப்படித்தான் இருக்கிறது, தாத்தா.”

“பெயர் வைத்தவன் சும்மாவா வைத்தான்? உறுமி என்ன செய்யும்?”

“உறுமும்” என்றாள் அவள். சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவளுக்கே உறைத்தது.

நாட்டுப்புறக் கலைப் பெயர்களில் பல இப்படிப்பட்டவையே. கேட்டவர் காதில் விழுந்ததையோ, பார்த்தவர் கண்ணில் பட்டதையோ, ஆடுபவர் கையிலும் தலையிலும் தோளிலும் இருந்ததையோ பெயர் அப்படியே சொல்லிவிடும். நாம் அப்பெயரை அடிக்கடி கேட்டுப் பழகிவிடுவதால் அதன் பொருளைக் கவனிக்காமல் கடந்துபோகிறோம்.

உறுமியையே எடுத்துக்கொள்வோம். ‘உறுமுதல்’ என்பது புலியும் நாயும் தொண்டைக்குள்ளிருந்து எழுப்பும் ஆழ்ந்த ஒலி. உறுமுவது எதுவோ அது உறுமி. இக்கருவியின் உடல் நடுவில் இடை சிறுத்து இருபுறமும் விரிந்திருக்கும். இரண்டு முகங்களிலும் தோல் போர்த்தியிருக்கும். ஒரு முகத்தை மெல்லிய குச்சியால் தட்டுவர். மறுமுகத்தில் தட்டுவதில்லை, வளைந்த குச்சி ஒன்றின் முனையைத் தோலில் அழுத்தி இழுத்துத் தேய்ப்பர். அப்போதுதான் ‘உர்ர்...’ என்ற அந்த ஒலி பிறக்கும்.

தேய்த்தால் ஏன் உறுமுகிறது? சிமெண்டுத் தரையில் நாற்காலியை இழுக்கும்போது அது வழுக்கிக்கொண்டு ஓடுவதில்லை. கால் தரையைப் பிடித்து நின்று, சட்டென்று விடுபட்டு, மீண்டும் பிடிக்கும். இது மிக விரைவாகப் பலமுறை நடப்பதால்தான் ‘கிர்ர்’ என்ற ஒலி எழுகிறது. உறுமியின் தோலிலும் இதுதான் நடக்கிறது. குச்சியின் முனை தோலைப் பிடித்து இழுக்கிறது, தோல் விடுபட்டு அதிர்கிறது, மீண்டும் பிடிபடுகிறது. கையில் அழுத்தம் குறைந்தால் குச்சி வெறுமனே வழுக்கிப் போகும். உராயும் ஒலி மட்டுமே கேட்கும். அழுத்தம் மிகுந்தால் குச்சி தோலில் சிக்கி நின்றுவிடும். இரண்டுக்கும் நடுவிலுள்ள அழுத்தத்தைக் கை கண்டுபிடிக்கவேண்டும். எனவே, புதிதாகப் பழகுபவர் சரியாக வாசிக்கிறாரா என்பதை அறிய வேறு அளவுகோல் வேண்டியதில்லை. மேளம் பெயருக்கேற்ப உறுமுகிறதா என்று கேட்டாலே போதும்.

உறுமி ஒலியால் பெயர் பெற்றது. பறை செயலால் பெயர் பெற்றது. ‘பறைதல்’ என்றால் சொல்லுதல். இன்றைய பேச்சுத்தமிழில் இச்சொல்லைப் பெரும்பாலும் கேட்க முடியாது. ஆயினும், மலையாளத்தில் ‘சொல்’ என்பதற்கு இன்றும் ‘பற’ என்றே கூறுகிறார்கள். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் ஊருக்குச் செய்தி சொல்லவேண்டுமானால் பறையை அடித்தார்கள். அரசன் ஆணையைச் சொல்லவும், விழாவை அறிவிக்கவும், மக்களை ஓரிடத்தில் கூட்டவும் பறை ஒலித்தது. சொல்வதற்கான கருவி என்பதே அதன் பெயர்.

பழந்தமிழர் பறையை எவ்வளவு நுட்பமாகப் பிரித்தறிந்தனர் என்பதற்குச் சான்று உண்டு. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைக் கூறும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் சேர்க்கிறது. முல்லை நிலத்துப் பறைக்கு ‘ஏறுகோட்பறை’ என்று பெயர். ஏறு என்பது காளை. கோள் என்பது பிடித்தல். காளையைப் பிடிக்கும்போது அடிக்கும் பறை அது. நெய்தல் நிலத்துப் பறைக்கு ‘மீன்கோட்பறை’ என்று பெயர். இதன் பொருளை நீங்களே பிரித்துப் பார்க்கலாம்.

பறையும் தப்பும் நெருங்கிய உறவுடையவை. வட்டமான சட்டம் ஒன்றின் ஒரு பக்கத்தில் மட்டும் தோலை இழுத்து ஒட்டியிருப்பார்கள். அடிப்பவர் கருவியைத் தோளில் மாட்டி மார்பருகே அணைத்துக்கொள்வார். ஒரு கையில் நீண்ட மெல்லிய குச்சியும் மறு கையில் குட்டையான தடித்த குச்சியும் இருக்கும். பல ஊர்களில் இக்கருவியைத் தப்பு என்றும், இதை அடித்துக்கொண்டே ஆடுவதைத் தப்பாட்டம் என்றும் அழைக்கிறார்கள்.

மாணவி அட்டவணையில் வெறுமையாக விட்டிருந்த இடம் இதுதான். தாத்தா அந்த இடத்தில் விரலை வைத்தார்.

“இதை ஏன் விட்டுவிட்டாய்?”

அவள் தயங்கினாள். “வகுப்பில் இந்தப் பெயரைச் சொன்னதும் சிலர் சிரித்தார்கள், தாத்தா. தப்பு அடிப்பவர்கள் தப்பு செய்தவர்களா என்று ஒருவன் கேட்டான்.”

தாத்தா சற்று நேரம் பேசவில்லை. அவருடைய தப்பு சாமான் அறையில் துணி சுற்றிக் கிடந்தது. பல ஆண்டுகளுக்கு முன்பு அவரிடமும் ஒருவர் அதையே கேட்டிருந்தார். அப்போது அவருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. அதற்குப் பிறகு அவர் அதைப் பொது இடத்தில் எடுப்பதைக் குறைத்துக்கொண்டார்.

“உன் ஆத்தா துணியை என்ன செய்வாள் என்று சொல்வார்கள், தெரியுமா?” என்று கேட்டார். “ஆற்றங்கரைக் கல்லில் தப்புவாள். தப்பித் தப்பித் துவைப்பாள். அடிப்பதற்குத்தான் அந்தச் சொல்.”

தாத்தா சொன்னது சரியே. தமிழில் ‘தப்புதல்’ என்பதற்குத் தவறுதல் என்ற பொருள் உண்டு. அடித்தல், துணியை அடித்துத் துவைத்தல் என்ற பொருளும் உண்டு. ‘ஆறு’ என்னும் சொல் ஓரிடத்தில் எண்ணையும் மற்றோரிடத்தில் நீரோட்டத்தையும் குறிக்கிறதல்லவா? அதைப் போலவே இங்கும் ஒரே வடிவம் வெவ்வேறு பொருள்களைத் தாங்கி நிற்கிறது. ஆற்றில் குளிப்பவனை ஆறு பேராக எவரும் எண்ணுவதில்லை. அப்படியிருக்க, தப்பு என்னும் கருவியைத் தவறோடு சேர்த்துப் பேசுவது சொல்லறியாமை. அந்த அறியாமை, கருவியோடு நின்றுவிடாமல், அதை அடித்தவர்கள் மீதும் இழிவாகப் படிந்துவிட்டது. மரணச் சடங்குகளில் இக்கருவியை அடிக்கும் வேலை சில சமூகத்தாரின் மீது சுமத்தப்பட்டிருந்ததால் அந்த இழிவு மேலும் கனத்தது. இன்று கலைக்குழுக்கள் பல பறையாட்டம் என்ற பெயரையே விரும்பி வைத்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் விடியற்காலையில் தொழிலாளர்களைப் பெரட்டுக்கு அழைக்கத் தப்பு அடிக்கும் வழக்கம் இருந்தது. பெரட்டு என்பது வேலைக்குப் போகுமுன் ஆள் கணக்கெடுக்கும் இடம். ‘அடித்தல்’ என்று பெயர் பெற்ற கருவி, அங்கே ‘சொல்லுதல்’ என்ற வேலையைச் செய்தது. தப்பும் பறையும் எவ்வளவு நெருக்கமானவை என்பதை இது காட்டுகிறது.

ஒலியும் செயலும் இவ்வாறு பெயராயின. இனி, சுமக்கும் பொருளே பெயரானதைப் பார்ப்போம். தைப்பூசத்தன்று காவடியைக் காணாத மலேசியத் தமிழர் இருக்கமாட்டார். ‘காவுதல்’ என்றால் தோளில் சுமத்தல். இலங்கைத் தமிழர் பேச்சில் இச்சொல் இன்றும் வழங்குகிறது. காவுவதற்கான தடி ‘காவுதடி’ ஆகி, அது சுருங்கிக் காவடி ஆயிற்று என்பர். தோளில் ஒரு தடி. அதன் இரு முனையிலும் சுமை. தொடக்கத்தில் காவடி என்ற பெயர் இவ்வளவைத்தான் சொன்னது. இன்று நாம் காணும் காவடியில் வளைவும் மயிலிறகும் பூவும் அலங்காரமும் நிறைந்திருக்கின்றன. சிலவற்றில் பழைய தடியைத் தேடிக் கண்டுபிடிக்கவேண்டும். பெயர் மட்டும் அந்தத் தடியை இன்னும் விடாமல் சுமக்கிறது.

இதற்கு நம் நாட்டிலேயே ஓர் இணை உண்டு. நாசி கண்டாரில் வரும் ‘கண்டார்’ என்னும் மலாய்ச்சொல் தோளில் சுமக்கும் தடியைக் குறிக்கும். பினாங்கில் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் சோற்றையும் குழம்பையும் தடியின் இரு முனையிலும் தொங்கவிட்டுத் தெருத்தெருவாக விற்றார்கள். இன்று அது கடைகளில் தட்டில் கிடைக்கிறது. தடி போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. காவடியும் கண்டாரும் இரண்டு மொழிகளில் ஒரே காட்சியைச் சொல்லும் பெயர்கள்.

கரகமும் இவ்வகையைச் சேர்ந்ததே. கரகம் என்றால் நீர் வைக்கும் கலம். கலித்தொகையில் முனிவர்கள் உறியில் தொங்கவிட்டு எடுத்துச் செல்லும் நீர்க்கலம் கரகம் என்றே கூறப்படுகிறது. ஆட்டத்தைப் பற்றி அப்பெயரில் ஒன்றுமில்லை. தலையில் இருக்கும் கலத்தை மட்டுமே அது சொல்கிறது. மாரியம்மன் திருவிழாவில் நீர் நிரப்பி, வேப்பிலை சூட்டி, வழிபாட்டுக்காக எடுப்பது சக்திக் கரகம். மேடையிலும் தெருவிலும் ஆடுவதற்காக எடுப்பது ஆட்டக்கரகம். ஆட்டக்கரகத்தில் நீருக்குப் பதிலாக அரிசியோ மணலோ இட்டு அடிப்பகுதியைக் கனமாக்குவர். அடி கனத்தால் கலம் எளிதில் சாயாது. வெறுங்குடத்தை வைத்துப் பழகினால் அது ஒவ்வோர் அசைவுக்கும் தள்ளாடும்.

பொருளும் செயலும் அல்லாமல் ஒரு தந்திரத்தையே பெயராகக் கொண்ட ஆட்டமும் உண்டு. அதுதான் பொய்க்கால் குதிரை. தஞ்சாவூர்ப் பகுதியில் புகழ்பெற்ற ஆட்டம் இது. குதிரையின் உடலைப் போன்ற கூட்டைச் செய்து, அதன் முதுகில் ஓர் ஓட்டை விடுவார்கள். ஆடுபவர் அந்த ஓட்டைக்குள் நின்றுகொண்டு கூட்டைத் தோளிலிருந்து தொங்கவிட்டுக்கொள்வார். கூட்டைச் சுற்றித் துணி தொங்கும். பார்ப்பவருக்கு அவர் குதிரை மேல் அமர்ந்திருப்பதுபோல் தோன்றும். பெரும்பாலும் அரசனும் அரசியுமாக இருவர் ஆடுவர்.

இதில் பொய்க்கால் எது? மாணவி முதலில் குதிரையின் கால்தான் பொய் என்று நினைத்தாள். ஆனால், அந்தக் குதிரைக்குக் கால்களே இல்லை. ஆடுபவர் தம் கால்களில் கட்டைகளைக் கட்டிக்கொண்டு அவற்றின் மேல் நின்று ஆடுகிறார். அந்தக் கட்டைகளே பொய்க்கால்கள். அவை அவருடைய உயரத்தைக் கூட்டுகின்றன; தரையில் படும்போது குளம்படி போன்ற ஒலியையும் எழுப்புகின்றன. கட்டையில் நிற்பவரால் ஓரிடத்தில் அசையாமல் நிற்பது கடினம். சமநிலைக்காகக் கால்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருக்கவேண்டும். அமைதியற்ற குதிரையின் துள்ளல் ஓரளவு இதிலிருந்தே கிடைத்துவிடுகிறது.

கட்டைக்கால் ஆட்டம் தமிழருக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோரு ஆடல்களில் ஒன்றுக்கு ‘மரக்கால்’ என்று பெயர். அசுரர்கள் பாம்பும் தேளுமாக வந்தபோது கொற்றவை மரக்கால்களில் நின்று அவற்றை மிதித்து ஆடினாள் என்பது அதன் கதை. அதே பதினொன்றில் ‘குடக்கூத்து’ என்பதும் உண்டு. குடத்தைக் கொண்டு ஆடியது அது. இந்தப் பழைய ஆடல்களிலிருந்தே இன்றைய ஆட்டங்கள் நேராக வந்தன என்று முடிவுசெய்துவிட முடியாது. ஆனால், பெயர் வைத்த முறையை ஒப்பிட்டுப் பார்க்கலாம். கட்டைக்கால் எதனால் ஆனது என்று பார்த்தவர் ‘மரம்’ என்றார். அது என்ன செய்கிறது என்று பார்த்தவர் ‘பொய்’ என்றார். ஒரே பொருளை இருவர் இரண்டு பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறார்கள்.

பெயரைப் பிரித்துப் பொருள் காணும்போது எச்சரிக்கையும் தேவை. மயிலாட்டம் என்ற பெயரை மட்டும் வைத்து மயில் ஆடுகிறது என்று எழுதினால் பிழையாகிவிடும். மயில்போல் உடையணிந்து மனிதர் ஆடுவதே அது. ஆனால், கோலாட்டத்தில் கோல் ஆடுவதுபோல் வேடமிடுவதில்லை. கோலைக் கையில் பிடித்துத் தட்டி ஆடுகிறார்கள். ஒயிலாட்டத்தில் மயிலும் இல்லை, கோலும் இல்லை. ஒயில் என்றால் அழகு. வரிசையாக நின்று அழகிய அசைவுகளோடு ஆடுவதால் அப்பெயர். மூன்று பெயர்களும் ‘ஆட்டம்’ என்றே முடிகின்றன. எனினும், முன்னுள்ள சொல் ஒன்றில் வேடத்தையும், ஒன்றில் கைப்பொருளையும், ஒன்றில் ஆடும் முறையையும் குறிக்கிறது. எது எதைக் குறிக்கிறது என்பதை ஆட்டத்தைப் பார்த்தவரால்தான் சொல்ல முடியும். சொல்லை மட்டும் பார்த்தால் தப்பு தவறாகிவிட்டதுபோல் ஆகிவிடும்.

அன்று மாலை மாணவி அட்டவணையை மீண்டும் எழுதினாள். ‘உறுமி: குச்சியால் தேய்க்கும்போது உறுமுவது. பறை: செய்தியைச் சொல்வது. கரகம்: தலையில் வைத்து ஆடும் நீர்க்கலம். பொய்க்கால் குதிரை: ஆடுபவர் கட்டைக்கால் கட்டி, குதிரைக்கூட்டைத் தோளில் மாட்டி ஆடுவது.’ கடைசி வரியில் நிறுத்தித் தாத்தாவைப் பார்த்தாள்.

“தப்பு: அடித்து ஒலி எழுப்புவது. சரியா, தாத்தா?”

“சரிதான். ஆனால், அடித்துப் பார்க்காமல் எப்படி எழுதுவாய்?”

தாத்தா சாமான் அறைக்குள் போனார். துணியை அவிழ்த்துத் தப்பை எடுத்து வந்தார். தட்டியபோது ‘தொப்’ என்று மந்தமாக ஒலித்தது. ஜொகூரில் அது மழைக்காலம். ஈரத்தில் தோல் தளர்ந்திருந்தது. அவர் வாசலில் காய்ந்த தென்னை ஓலையைக் கொளுத்தி, தோலை அந்த வெப்பத்துக்கு நேரே பிடித்து மெல்லத் திருப்பினார். ஒவ்வொரு திருப்பலுக்கும் விரலால் சுண்டிப் பார்த்தார். மந்த ஒலி மெல்ல மெல்லக் கூர்மையாயிற்று.

பிறகு நீண்ட குச்சியை அவள் இடக்கையிலும் குட்டைக் குச்சியை வலக்கையிலும் கொடுத்தார். அவள் அடித்தாள். அடுத்த வீட்டுச் சன்னல் திறந்தது.

“யாரு தப்பு அடிக்கிறது?” என்று ஒரு குரல் கேட்டது.

“என் பேத்தி” என்றார் தாத்தா.